மூன்று மூட்டை யூரியாவும் பன்னிரண்டு டன் சாணமும்

ரசாயன விவசாயமா, இயற்கை விவசாயமா என்ற பேச்சை யார் எடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் அது சாமி கும்பிடுகிறவருக்கும் கும்பிடாதவருக்கும் நடக்கும் வாக்குவாதம் மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு இதில் ஒரே ஒரு கணக்குதான் முக்கியமாகப் படுகிறது: தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் கணக்கு. பயிருக்குத் தழைச்சத்து எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எப்போது வருகிறது என்று மூன்று கேள்வி கேட்டுக்கொண்டே போனால் விளைச்சல், மண், பூச்சிமருந்து, கிணற்றுத் தண்ணீர் நான்குக்கும் விடை ஓரளவு பிடிபட்டுவிடும்.

ஒரு ஏக்கர் நெல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மத்திய, நீண்ட கால ரகங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது. ஆக 130 கிலோ யூரியா, 45 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட மூன்று மூட்டை. இருசக்கர வண்டியில் இரண்டு நடையில் கொண்டுபோய் வரப்பில் போட்டுவிடலாம். இதே 60 கிலோவைத் தொழுவுரத்தில் கொடுக்க வேண்டுமானால்? நன்றாக மக்கிய சாணத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். 12 டன் வேண்டும். டிராக்டர் டிப்பரில் நாலைந்து நடை. ஒரு மாடு ஒரு நாளைக்குப் பத்து கிலோ சாணம் போடும் என்று வைத்தால், ஒரு கூடைகூட வீணாகாமல் குறைந்தது நான்கு மாடுகளின் ஓராண்டுச் சாணம், ஒரே ஏக்கருக்கு, ஒரே போகத்துக்கு.

சரி, 12 டன் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இன்னொரு சிக்கல் இருக்கிறது. சாணத்தில் இருக்கும் தழைச்சத்து பயிர் நேரடியாக உறிஞ்சும் வடிவத்தில் இல்லை. நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியமாக மாற்றித் தர வேண்டும். முதல் போகத்தில் அப்படிக் கைக்கு வருவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. மீதி அடுத்தடுத்த ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். நெல்லோ பக்கக் கிளை வெடித்துத் தூர் கட்டும் சமயத்தில், நட்ட இருபது நாளிலிருந்து நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்குள், தழைச்சத்தை அள்ளி விழுங்கும். அந்த மூன்று வாரத்தில் பசியோடு விட்டால் தூர் எண்ணிக்கை குறையும். பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அந்தத் தூர்கள் திரும்பி வராது.

இந்தக் கணக்கை ஒரு நாடே போட்டுப் பார்க்காமல் இறங்கியதுதான் இலங்கையில் 2021-இல் நடந்தது. அந்த ஆண்டு மே மாதம் ரசாயன உரத்தையும் பூச்சிமருந்துகளையும் இறக்குமதி செய்வதற்கு அரசு தடை போட்டது. 2019 தேர்தல் அறிக்கையில் பத்து ஆண்டுகளில் மாறுவோம் என்று சொல்லியிருந்ததை ஒரே போகத்தில் செய்யப் பார்த்தார்கள். மக்களின் உடல்நலம் என்று காரணம் சொல்லப்பட்டது. டாலர் தட்டுப்பாடும் அதன் பின்னால் இருந்தது என்பதை யாரும் மறைக்க முடியவில்லை.

அங்கே பெரும்போகம் என்ற முக்கியப் பருவத்தில் நெல் விளையும் நிலம் சுமார் ஏழு லட்சம் ஹெக்டேர். ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து என்றால் மொத்தம் 70,000 டன். சேதனப் பசளை என்று அங்கே சொல்லும் இயற்கை உரத்தில் ஒரு சதவீதம் தழைச்சத்து இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால்கூட 70 லட்சம் டன் பசளை வேண்டும். அப்போது சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளை சுமார் 20,000 டன். நாட்டின் நெல்வயல்களுக்குப் பங்கு போட்டால் ஹெக்டேருக்கு 28 கிலோ, அதாவது ஒரு சாக்குகூட நிறையாது. அதிலும் மாதிரியில் கெடுதலான பாக்டீரியா இருக்கிறது என்று தாவரத் தொற்றுத் தடுப்புத் துறை சொல்ல, அனுப்பிய நிறுவனம் மறுக்க, கப்பல் சரக்கை இறக்காமலே திரும்பியது தனிக்கதை. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் அதற்குள் பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. 2021-22 பெரும்போக நெல் உற்பத்தி முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது.

இதை வைத்து 'பார்த்தீர்களா, இயற்கை விவசாயம் தோற்றுவிட்டது' என்று எழுதியவர்கள் நிறைய. அது சரியான வாசிப்பு இல்லை. அந்தப் போகத்தில் இலங்கையின் பெரும்பாலான வயல்களில் நடந்தது இயற்கை விவசாயமே அல்ல. உரத்தை மட்டும் பிடுங்கிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்ட ரசாயன விவசாயம் அது. உரத்துக்கு நன்றாக எழுந்து நிற்கும்படி உருவாக்கிய ரகம், பசுந்தாள் போடாத வயல், மாடு இல்லாத வீடு.

முறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகருக்குப் பக்கத்தில், தெர்வில் என்ற ஊரில், 1978 முதல் ஒரு சோதனை நடக்கிறது. ஒரே மண்ணில் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்து, ஒரே பயிர்ச் சுழற்சியில், இயற்கை முறையையும் ரசாயன முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். 21 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. சராசரியாக இயற்கைப் பாத்திகளின் விளைச்சல் 20 சதவீதம் குறைவு. ஆனால் இந்த 20 என்ற எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. கோதுமையில் இடைவெளி பத்து சதவீத அளவில்தான். உருளைக்கிழங்கில் 40 சதவீதம் வரை போனது. கிழங்குக்குச் சாம்பல்சத்து போதவில்லை. பின்கருகல் நோய் வந்தபோது தடுக்க மருந்தும் இல்லை. அதாவது இடைவெளி எவ்வளவு என்பதைப் பயிரும் அதன் பசியும் அதன் நோயும்தான் முடிவு செய்கின்றன.

அங்கே இயற்கைப் பாத்திகளுக்கு ஊட்டச்சத்து எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்று, மாட்டு எரு. இன்னொன்று, சுழற்சியில் வரும் புல்லும் குளோவர் என்ற பயறுவகைத் தீவனமும். குளோவரின் வேர்முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். நம்மூரில் அதே வேலையைத் தக்கைப்பூண்டும் சணப்பும் செய்கின்றன. விதைத்து 45 நாளில், பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 25 முதல் 35 கிலோ தழைச்சத்து கிடைக்கும். நெல்லுக்கு வேண்டியதில் பாதி இலவசமாக வந்த மாதிரி. ஆனால் அந்த 45 நாளும் அதற்கான தண்ணீரும் இலவசம் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்த மறுநாளே நாற்றங்கால் போட வேண்டிய நிலையில் இருக்கிற டெல்டாக்காரரிடம் போய் ஒன்றரை மாதம் பொறுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

மண் விஷயத்துக்கு வருவோம். 'யூரியா போட்டுப் போட்டு மண்ணே செத்துவிட்டது' என்பது ஊருக்கு ஊர் கேட்கும் வசனம். உலகத்திலேயே மிகப் பழைய வயல் சோதனை இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. பிராட்பாக் என்ற அந்த வயலில் 1843 முதல் கோதுமை விதைக்கிறார்கள். சில துண்டுகளுக்கு எதுவும் போடுவதில்லை, சிலவற்றுக்கு ரசாயன உரம் மட்டும், ஒரு துண்டுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம். (கோவையில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனையும் இதே யோசனையில் பிறந்ததுதான்.) 180 ஆண்டு தாண்டியும் ரசாயன உரம் மட்டும் போட்ட துண்டு செத்துப்போகவில்லை. தொழுவுரத் துண்டுக்கு ஈடான விளைச்சலைத் தந்துகொண்டிருக்கிறது.

ஆனால் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் கதை வேறு. தொழுவுரத் துண்டில் மண்ணின் கரிமம் மற்ற துண்டுகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. தெர்விலிலும் அப்படித்தான்: இயற்கைப் பாத்திகளில் மண்புழுவின் மொத்த எடை 1.3 முதல் 3.2 மடங்கு வரை அதிகம், வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள் அதிகம், மழைத்துளி விழுந்தால் கரையாமல் நிற்கும் மண்கட்டிகளும் அதிகம். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் வீட்டிலேயே பார்க்கலாம். காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். கரிமம் உள்ள மண் அப்படியே உட்கார்ந்திருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். கரிமம் வற்றிய மண் சில நிமிடத்தில் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரைக் கலக்கும். அந்த மண்தான் மழையில் மேலே ஏடு கட்டி, தண்ணீரை உள்ளே விடாமல் ஓடவிடும்.

யூரியா மண்ணைக் கொல்வதில்லை, ஆனால் மண்ணுக்குச் சாப்பாடு போடுவதும் இல்லை. பயிருக்கு மட்டும் போடுகிறது. ரசாயன உரம் போட்டாலும் வைக்கோலையும் சருகையும் வயலுக்கே திருப்பிக் கொடுத்தால் மண் தேறும். எதையும் திருப்பித் தராமல் 'இயற்கை' என்று பெயர் மட்டும் வைத்தால் தேறாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பிராட்பாக்கில் கொட்டிய 35 டன் எருவும் வேறு ஏதோ நிலத்தில் விளைந்த வைக்கோலிலிருந்தும் தீவனத்திலிருந்தும் வந்தது. இந்த வயலில் கரிமம் ஏறியதில் ஒரு பகுதி, அந்த நிலத்திலிருந்து இங்கே இடம் மாறியதுதான்.

பூச்சிமருந்தில் இரண்டு முறைக்கும் இடையே உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தெர்விலில் இயற்கைப் பாத்திகளுக்குப் போன பூச்சி, பூஞ்சை, களை மருந்துகள் 97 சதவீதம் குறைவு. இதில் வாதத்துக்கு அதிகம் இடமில்லை. ஆனாலும் இயற்கை என்றால் மருந்தே இல்லை என்று நினைப்பது தவறு. ஐரோப்பாவில் இயற்கைத் திராட்சைத் தோட்டங்கள் போர்டோ கலவை போன்ற தாமிர மருந்துகளையே நம்பியிருக்கின்றன. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர்: நம் வெற்றிலைக் கொடிக்கால்களிலும் பழக்கமான கலவைதான். தாமிரம் மக்காது. தெளித்தது மண்ணிலேயே தங்கி மண்புழுவுக்கு எமனாகும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது.

நெல்லில் பூச்சிமருந்துக்கும் தழைச்சத்துக்கும் நேரடி உறவு உண்டு. யூரியா மிஞ்சினால் பயிர் கருகருவென்று தழைத்து அடியில் காற்றோட்டம் இல்லாமல் போகும். புகையான் என்ற பூச்சிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு குடிக்கும். வயல் நடுவில் வட்டம் வட்டமாகத் தீய்ந்த மாதிரி தெரிந்த பிறகு மருந்தடித்துப் பயன் இல்லை. அதற்கு முன்பே தூரை விலக்கிப் பார்த்து எண்ண வேண்டும். தூருக்கு ஒரு பூச்சி என்றால் மருந்து பற்றி யோசிக்கலாம். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம், சிலந்தி பார்த்துக்கொள்ளும். பார்க்காமல் முன்னெச்சரிக்கையாக அடித்தால் முதலில் சாவது சிலந்தி. புகையான் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பத்து நாளில் பொரித்து வரும்போது அதைத் தின்ன ஆள் இருக்காது.

இந்தோனேசியா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. மருந்துக்கு மானியம் கொடுத்துக் கொடுத்துப் புகையானை வளர்த்துவிட்டு, 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் மானியத்தையும் எடுத்துவிட்டது. நெல் உற்பத்தி விழவில்லை. உரத்தை யாரும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். இலங்கையில் உரத்தையும் மருந்தையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்தார்கள். இந்தோனேசியா மருந்தை மட்டும் தனியே கழற்றியது. இரண்டும் சேர்ந்தே வர வேண்டிய ஜோடி அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மிச்சம் இருப்பது தண்ணீர். இதில்தான் இயற்கைப் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் சங்கடப்பட வேண்டியிருக்கும்.

யூரியாவோ சாணமோ, மண்ணில் கடைசியில் நைட்ரேட்டாகத்தான் மாறும். நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது, தண்ணீர் போகிற வழியில் போய்விடும். பயிர் வேர் இருக்கிற நேரத்தில் நைட்ரேட் உருவானால் பயிர் எடுத்துக்கொள்ளும். வேர் இல்லாத நேரத்தில் உருவானால் கிணற்றுக்குப் போகும். யூரியாவை விவசாயி எப்போது வேண்டுமானாலும் போடலாம், நிறுத்தலாம். எரு அப்படி இல்லை. அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடந்தாலும் நுண்ணுயிர் தன் பாட்டில் நைட்ரேட் செய்துகொண்டேயிருக்கும். பிராட்பாக்கில் 1849-இலேயே வயலுக்கு அடியில் வடிகுழாய் பதித்துவிட்டார்கள். தொழுவுரத் துண்டிலிருந்து வடியும் நைட்ரேட் அங்கே ஒன்றும் குறைவில்லை. அந்த 35 டன்னில் ஹெக்டேருக்கு சுமார் 240 கிலோ தழைச்சத்து இருக்கிறதே, எங்கே போகும்? ஐரோப்பியப் பண்ணைகளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வந்த கணக்கும் இதையே இன்னொரு விதமாகச் சொல்கிறது: நிலப்பரப்பு அளவில் பார்த்தால் இயற்கை முறையில் தழைச்சத்துக் கசிவு 31 சதவீதம் குறைவு; விளைந்த ஒரு கிலோ அளவில் பார்த்தால் 49 சதவீதம் அதிகம். இரண்டுமே உண்மை. உங்கள் ஊர்க் கிணறு என்றால் முதல் எண், உலகத்துக்கே சோறு என்றால் இரண்டாவது எண்.

நெல்வயலில் இந்தச் சிக்கல் குறைவு. தேங்கிய தண்ணீருக்கு அடியில் காற்று இல்லாததால் நைட்ரேட் பெரும்பாலும் வாயுவாகிப் பறந்துவிடும். யூரியாவில் பயிருக்குப் போய்ச் சேருவது 30 முதல் 40 சதவீதம்தான் என்றாலும், இழப்பில் பெரும்பங்கு காற்றுக்குப் போகிறது. மேட்டுநிலத் தோட்டப்பயிரில்தான் கிணறு மாட்டிக்கொள்கிறது. தமிழர் வாழும் இடங்களில் இதற்கு யாழ்ப்பாணத்து வலிகாமத்தைவிடத் தெளிவான இடம் இல்லை. அங்கே ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. செம்மண் ஆழமில்லாமல் கிடக்கிறது, அதன் கீழே ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புக்கல், அதற்குள் மழைநீர். குடிக்கவும் அந்தத் தண்ணீர், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் அந்தத் தண்ணீர். தோட்டத்தில் இறைத்த தண்ணீர் உரத்தைக் கரைத்துக்கொண்டு அதே சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும். பல கிணறுகளில் நைட்ரேட், உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறது. வீட்டுக்கு வீடு உள்ள மலக்குழிகளும் இதில் பங்காளிகள். முழுப் பழியையும் பசளை மேல் போட முடியாது. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத்தான் பெரிய ஆபத்து: ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாயும்.

யாழ்ப்பாணத்தில் எருவும் பூவரசம் குழையும் தாராளமாக மண்ணுக்குள் தாழ்த்திய காலம் ஒன்று இருந்தது. அதற்கே திரும்பிவிட்டால் கிணறு தெளிந்துவிடுமா என்றால், போடுகிற தழைச்சத்தின் மொத்த அளவு குறையாதவரை தெளியாது. அளவைக் குறைப்பதற்கு முதலில் இருப்பதை எண்ண வேண்டும். நெல்லில் இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை பட்டையாக எண் போட்ட இலை வண்ண அட்டையை எடுத்துக்கொண்டு, நட்ட இரண்டு வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை, பத்துப் பயிர்களில் முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப்பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே வெளுத்தால் மட்டும் யூரியா. மேலே இருந்தால் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.

வெங்காயத் தோட்டத்தில் எண்ண வேண்டியது கிணற்றுத் தண்ணீரையே. ஒரு போகத்துக்கு மொத்தம் 500 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் இறைப்பதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். அதில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், தழைச்சத்தாக 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல். பெருக்கிப் பார்த்தால் ஏக்கருக்கு 23 கிலோ தழைச்சத்து, 50 கிலோ யூரியாவுக்குச் சமம். யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர் என்பதால், பரப்புக்கு மூன்று கிலோ யூரியா. தோட்டக்காரர் அதைப் போகம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்காலில் விட்டுக்கொண்டிருக்கிறார். அதன் மேல் கடையில் வாங்கிய பசளையையும் முழு அளவு போடுகிறார்.